எம்ப்ளாயி பங்கு விற்றபோது வரிக்கணக்கைச் சரிசெய்த விதம்

பட்டியலிடப்படாத ஒரு இந்திய நிறுவனத்தில் எனக்கு 1,000 ஸ்டாக் ஆப்ஷன், அதாவது முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை, இருந்தது. கொடுத்த அன்றும் சரி, வெஸ்ட் ஆகி அதைப் பயன்படுத்தும் தகுதி வந்த அன்றும் சரி, இங்கே வரி கிடையாது. பங்குக்கு 10 ரூபாய் கட்டி அதைப் பங்காக மாற்றும்போதுதான் வரி. 2022 டிசம்பரில் மாற்றினேன். அன்றைக்கு மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பீடு பங்குக்கு 510 ரூபாய். வித்தியாசமான 5 லட்சத்தைச் சம்பளத்தில் சேர்த்து, என் 30% வரம்பில் செஸ்ஸோடு 1,56,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள், கைக்கு ஒரு பைசா வராமலே.

2024 நவம்பரில் ஒரு முதலீட்டாளர் 700 ரூபாய்க்குக் கேட்டார். பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து 24 மாதம் தாண்டினால்தான் நீண்டகால ஆதாயம் என்பதால் பேசி ஜனவரிக்குத் தள்ளினேன். ஆதாயம் 1,90,000; உடனே விற்றிருந்தால் செஸ்ஸோடு 59,280 வரி, தள்ளி விற்றதால் 12.5% விகிதத்தில் செஸ்ஸோடு 24,700தான் வந்தது.

அப்புறம், ரிட்டர்ன் தயாரித்தவர் வாங்கிய விலையை 10 என்று போட்டு ஆதாயத்தை 6,90,000 ஆக்கியிருந்தார். ஏற்கெனவே சம்பளமாக வரி கட்டிய 5 லட்சத்துக்கு மறுபடியும் வரி! சம்பளத்தோடு சேர்த்த சலுகைகளை நிறுவனம் காட்டும் 2022-23க்கான படிவம் 12BA-வில் அந்தத் தொகை தெளிவாக இருந்தது, அதையும் மதிப்பீட்டு அறிக்கையையும் காட்டி விலையை 510 என்று மாற்ற வைத்தேன்.

விலை 510க்குக் கீழே போயிருந்தால் அது மூலதன நஷ்டம், அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வாங்க ஆள் இல்லாத பங்கை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.