மருந்துக்கடை கவுண்ட்டரில் முதல் வார்த்தை: குசலம் விசாரிப்பது எப்போது, வரவேற்பது எப்போது?

மருந்துக்கடையில் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு மாத்திரைப் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், வருகிறவர்களிடம் வாயைத் திறப்பது எப்படி என்றுதான் சொல்லிக் கொடுக்கிறேன். மாத்திரைப் பெயர் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். முதல் வார்த்தையில் தப்பு செய்தால் ஆள் திரும்பி வர மாட்டார், ஏன் வரவில்லை என்றும் நமக்குத் தெரியாது.

படி 1: எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம் என்று பாருங்கள்

தெருவில் எதிரே வருகிறவரிடம் "எங்க கிளம்பிட்டீங்க?" என்கிறோம். "சும்மா, கடைவீதி வரைக்கும்" என்கிறார். அவர் எங்கே போகிறார் என்பது நமக்கு வேண்டியதே இல்லை. நீங்கள் என் கண்ணில் பட்டீர்கள், நமக்குள் நல்லுறவு இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான். இது குசலம்.

கடை வரவேற்பு அப்படி இல்லை. "வாங்கக்கா, சீட்டு இருக்கா?" என்று கேட்டால் பதில் வந்தே ஆக வேண்டும், அந்தப் பதிலிலிருந்துதான் வேலை ஆரம்பிக்கும்.

மருந்துக்கடையில் சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் ஒரே வாக்கியம் பயன்படுகிறது. "சாப்பிட்டீங்களா?" என்பது தமிழில் பெரிய குசலம். சாப்பிடாதவரும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். அதே கேள்வியைச் சர்க்கரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அது மருந்துக் கேள்வி. அங்கே வாய்ப்பழக்கத்தில் "ஆச்சு" என்று வந்துவிட்டால் ஆபத்து. அதனால் மருந்துக்காகக் கேட்கும்போது வாக்கியத்தை மாற்றிக் கேளுங்கள்: "காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" மணியைச் சொல்ல ஒரு நொடியாவது யோசித்தாக வேண்டும், அப்போது உண்மை வந்துவிடும்.

படி 2: வரவேற்பைச் சுருக்கமாக வையுங்கள்

கண்ணைப் பாருங்கள், "வாங்க" சொல்லுங்கள், சீட்டுக்குக் கை நீட்டுங்கள். இவ்வளவுதான். "வணக்கம், எங்கள் கடைக்கு வருக" என்று ஒப்பிக்க வேண்டாம். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கு அது காதில் விழாது. முறைவைத்து அழைப்பது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் அண்ணாச்சி, அக்கா, பாட்டியம்மா. உங்கள் ஊரில் எப்படியோ அப்படியே கூப்பிடுங்கள். வயது பிடிபடாதவரை "சார்", "மேடம்" என்றால் போதும்.

கூட்டமாக இருந்தால் புதியவர்கள் செய்யும் தப்பு, கையில் இருக்கிற வேலை முடியும்வரை அடுத்தவரைப் பார்க்காமலே இருப்பது. அட்டையைக் கத்தரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, "வாங்கண்ணே, இவங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடம்கூட நிற்பார். சொல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் கம்பியைத் தட்டுவார்.

படி 3: குசலத்தை முதலில் வைக்காதீர்கள்

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனதை உறுத்துகிறது. மாதாமாதம் கணவருக்கு இருதய மாத்திரை வாங்க வரும் ஒரு அம்மா இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாம் மாதம் வந்ததும் சந்தோஷத்தில், "என்னம்மா, இந்தப் பக்கமே காணோம்? ஐயா நல்லா இருக்காங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அந்த அம்மா பதில் சொல்லாமல் மஞ்சள் பையிலிருந்து பிரிக்காத மூன்று அட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "இதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா தம்பி?"

அன்று "வாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றிருந்தால், எதைச் சொல்வது, யார் முன்னால் சொல்வது என்பதை அவரே முடிவு செய்திருப்பார்.

மருந்துக்கடைக்கு வருகிறவர் எந்தச் செய்தியோடு வருகிறார் என்று நமக்குத் தெரியாது. தெருவில் கேட்டால் அன்பாக இருக்கிற "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" இங்கே புண்ணில் விரல் வைப்பதாகிவிடும். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்பதும் அப்படித்தான். மருந்து கொடுக்க அது தெரிய வேண்டும் என்றால் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "இது உங்களுக்கா, வேற யாருக்காவதா?" என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்குகிறவரிடம் "விசேஷமா?" என்று சிரிக்கவே கூடாது. அவர் எந்தப் பதிலை எதிர்பார்த்து அதை வாங்குகிறார் என்பது நமக்குத் தெரியாது.

படி 4: குசலத்துக்கு இடம் எங்கே?

கையில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, வாய் சும்மா இருக்கும் நேரத்தில். உள்ளே பெட்டியிலிருந்து பையன் மருந்து எடுத்து வரும்வரை, பில் அடிக்கும்போது, பணம் போனதா என்று போன் காட்டும்வரை. பின்னால் ஆள் நிற்கக் கூடாது, முகம் பழகினதாக இருக்க வேண்டும். மழை, பஸ், கரண்ட், கோயில் கொடை, இவை எல்லாருக்கும் பொது. சம்பளம், கல்யாணம், பிள்ளை இல்லாதது, வியாதி, இவை அவராகப் பேசினால் கேட்டுக்கொள்ள மட்டும்.

இதை ஒரு நாள் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். தைராய்டு மாத்திரை வாங்கும் ஒரு பாட்டியம்மா. "வாங்க பாட்டிம்மா, சீட்டு குடுங்க" என்றேன். சீட்டில் புதிதாகக் கால்சியம் மாத்திரை சேர்ந்திருந்தது. அது உள்ளே இருந்து வர வேண்டும். பின்னால் ஆள் இல்லை. "கொடைக்கு வேலை ஆரம்பிச்சாச்சா?" என்றேன். "ஆமா தம்பி, விடியக்காலம் நாலு மணிக்கே மைக்கு. எந்திரிச்சு ஒரு டீயைப் போட்டுக் குடிச்சிட்டு, மாத்திரையையும் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

அங்கேதான் நின்றேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். டீயும் இட்லியும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நடுவே 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. "பாட்டிம்மா, எந்திரிச்சதும் முதல்ல மாத்திரை, அப்புறம்தான் டீ. இந்தப் பெரிய மாத்திரை மத்தியானம் சாப்பிட்ட பிறகு" என்று சொல்லி, அட்டை மேலேயே காலை, மதியம் என்று எழுதிக் கொடுத்தேன். "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்று நேராகக் கேட்டிருந்தால் "போடறேன் தம்பி" என்று முடித்திருப்பார்.

பேச்சு பேச்சாக இருந்த இடத்தில் மருந்து விஷயம் வந்ததும் நான் குரலை மாற்றினேன் என்பதைக் கவனியுங்கள். கொடையைப் பற்றிய சிரிப்போடு சேர்த்து இதைச் சொல்லியிருந்தால் அதுவும் பேச்சோடு பேச்சாகப் போயிருக்கும்.

எதிரே இருப்பவருக்குப் பேச விருப்பமில்லை என்பது ஒரே பதிலில் தெரியும். "ம்" என்று சொல்லிப் போனைப் பார்த்தால், அடுத்த வாக்கியம் பில் தொகையாக இருக்கட்டும்.

படி 5: வழியனுப்புவது

துணிக்கடையில் "மறுபடியும் வாங்க" என்று சொல்லலாம். மருந்துக்கடையில் அதைச் சொல்லாதீர்கள். துக்க வீட்டில் "போயிட்டு வரேன்" சொல்லாத ஊர் நம் ஊர், இந்த வார்த்தை எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவராகப் பழக்கத்தில் "வரேன் தம்பி" என்றால் "சரிங்கம்மா" போதும். நீங்கள் முதலில் சொல்வதாக இருந்தால், மருந்தை எப்போது போட வேண்டும் என்பதை ஒரு தரம் திருப்பிச் சொல்லி, பையைக் கையில் கொடுத்து, "பார்த்துப் போங்க, படி ஈரமா இருக்கு."