ஸ்டடி ஹாலுக்கு மாத பாஸ், டே பாஸ் விளம்பரப் பதிவு எழுதுவது எப்படி?

அண்ணா நகரில் 32 சீட் கொண்ட ஒரு சின்ன ஸ்டடி ஹால் நடத்துகிறேன். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே போஸ்டரில் போட்டேன்: ஏசி, வைஃபை, மாதம் 1,800, ஒரு நாள் 120. போன் நிறைய வந்தது, ஆனால் பாதிப் பேர் விலையை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டார்கள். அந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்ததுதான் இந்த முறைக்கு அடிப்படை.

முதலில், பதிவை இரண்டாகப் பிரியுங்கள். குரூப் 2, குரூப் 4, யுபிஎஸ்சி என்று படிப்பவர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார நினைப்பவர். அவருக்குத் தெரிய வேண்டியது: சீட் எனக்கே நிரந்தரமா, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா. ஃப்ரீலான்சர் கேட்பது வேறு: இன்றைக்கு இடம் இருக்கிறதா, பிளக் பாயிண்ட் மேஜையிலேயே இருக்கிறதா, கரண்ட் போனால் வைஃபை ஓடுமா. ஒரே பதிவில் இரண்டையும் திணித்தால் இருவருமே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்து, 'மாதம்' என்றால் என்ன என்று எழுதுங்கள். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ஜனவரி 20-ந் தேதி ஒரு தம்பி 1,800 கட்டிச் சேர்ந்தார். என் மனதில் இருந்தது ஜனவரி 31 வரை, அவர் மனதில் இருந்தது பிப்ரவரி 19 வரை. பதிவில் 'மாதம் 1,800' என்று மட்டும்தான் இருந்தது. 1-ந் தேதி அவருடைய சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். வாசலில் நின்று, "அண்ணா, இது நியாயமா?" என்று கேட்டார். நியாயமில்லைதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அவர் திரும்ப வரவே இல்லை. இப்போது மாத பாஸ் பதிவு இப்படிப் போகிறது:

> மாத பாஸ் ரூ. 1,800. சேரும் நாளையும் சேர்த்து 30 நாள். ஜூன் 10-ல் சேர்ந்தால் ஜூலை 9 இரவு வரை. ஒரே சீட், உங்கள் பெயரில். காலை 6 முதல் இரவு 10. ஞாயிறும் உண்டு.

டே பாஸுக்குக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். 1,800-ஐ 120-ஆல் வகுத்தால் 15. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வருபவருக்கு மாத பாஸ் லாபம், குறைவாக வருபவருக்கு டே பாஸ் போதும். இதை நாமே எழுதினால் வியாபாரம் குறையும் என்று பயந்தேன். வாரம் இரண்டு நாள் வரும் ஒரு டிசைனரை மாத பாஸில் தள்ளினால் அடுத்த மாதம் அவர் இருக்க மாட்டார், அவ்வளவுதான். டே பாஸுக்காக 4 சீட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன். 'வருமுன் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்' என்ற வரியும் கட்டாயம். தாம்பரத்திலிருந்து ரயில் ஏறி வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது கொடுமை.

அப்புறம், 'அமைதியான இடம்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஃப்ரீலான்சருக்கு அமைதி என்றால் பாட்டுச் சத்தம் இல்லாத இடம். அங்கே மெதுவாகப் பேசலாம் என்று நினைப்பார். தேர்வுக்குப் படிப்பவருக்குக் கீபோர்டு தட்டும் ஒலியே தொல்லை. அதனால் டே பாஸ் பதிவில் நேராக எழுதுகிறேன்: 'ஹாலுக்குள் போன் பேச முடியாது, பால்கனியில் பேசலாம். வீடியோ மீட்டிங் இருக்கும் நாளில் இந்த இடம் ஒத்துவராது.' சிலர் வராமல் போவார்கள். போகட்டும், மீதி 28 பேர் நிம்மதியாகப் படிப்பார்கள்.

எங்கே போடுவது? மாத பாஸுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் டெலிகிராம் படிப்புக் குழுக்களும். டே பாஸுக்குக் கூகுள் மேப்ஸ் பக்கம், ஏனென்றால் அவர்கள் அன்று காலையில்தான் தேடுகிறார்கள். பதிவின் எழுத்துக்குள் போன் நம்பர் போட்டால் கூகுள் நிராகரிக்கலாம், எனக்கு இரண்டு முறை ஆனது. நம்பரை எடுத்துவிட்டு `Call now` பொத்தானை வையுங்கள். படத்துக்குப் பளபள போஸ்டர் வேண்டாம். நாற்காலியும் பிளக் பாயிண்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்த படமே நம்பிக்கை தருகிறது.

பின்னர் சேர்த்தது: 30 நாள் கணக்கு 31 நாள் மாதத்தில் இடிக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரிதான். ஜூலை 10-ல் சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் 8-லேயே முடிந்துவிடும், அவரோ 9 வரை என்று நினைத்திருப்பார். அதனால் இப்போது பணம் வாங்கியதுமே, முடியும் தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். வாட்ஸ்அப் பிசினஸில் `Quick replies` பகுதியில் அந்த வரியை `pass` என்ற ஷார்ட்கட்டுடன் சேமித்து வைத்தால், `/pass` என்று தட்டித் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.