லாங் ஸ்ட்ராடிலில் காமா ஸ்கால்பிங்: 100-லிருந்து 103 போய்த் திரும்பிய பங்கின் கணக்கு

ஸ்ட்ராடில் வாங்கிவிட்டு, பங்கு ஒரே பக்கமாக ஓடட்டும் என்று காத்திருப்பது ஒரு வழி. ஆனால் மேலும் கீழும் ஆடிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பங்கிலும் பணம் எடுக்கலாம். அதுதான் காமா ஸ்கால்பிங். ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

முதல் படி: எதற்கு எவ்வளவு கொடுத்தோம்?

பங்கின் விலை 100. எக்ஸ்பைரிக்கு 21 வர்த்தக நாள்கள். 100 ஸ்ட்ரைக்கில் ஒரு கால், ஒரு புட், இரண்டையும் 1000 பங்குகளுக்கு வாங்குகிறோம். இம்ப்ளைட் வோலட்டிலிட்டி, அதாவது ஐ.வி., 32 சதவீதம். வட்டியை விட்டுவிட்டால், ஸ்ட்ராடில் ஒரு பங்குக்குச் சுமார் 7.4 ஆகும்.

இந்த 32 ஓர் ஆண்டுக்கான எண். ஆண்டுக்கு 252 வர்த்தக நாள்கள். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16. 32-ஐ 16-ஆல் வகுத்தால் 2. பங்கு நாளுக்குச் சுமார் 2 புள்ளி அசையும் என்று கருதித்தான் சந்தை இந்த விலையை வைத்திருக்கிறது. அதைவிட அதிகமாக அசைந்தால் நமக்கு லாபம். இந்த 2-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காமாவையும் தீட்டாவையும் குறித்துக்கொள்ளுங்கள்

நம் ஸ்ட்ராடில் இப்போது எத்தனை பங்குகளுக்குச் சமமாக அசைகிறது என்பது டெல்டா. பங்கு ஒரு புள்ளி நகர்ந்தால் அந்த டெல்டா எவ்வளவு மாறும் என்பது காமா. இங்கே அது சுமார் 86 பங்குகள். நாள் ஒன்றுக்குக் கரையும் பிரீமியம் தீட்டா. இங்கே சுமார் 175. ஆக, ஒரு நாளின் கணக்கு இதுதான்:

```
0.5 * 86 * அசைவு^2 - 175
```

1 புள்ளி அசைந்தால் 43 வருகிறது, 132 நஷ்டம். 2 புள்ளிக்கு ஏறக்குறைய சரிக்குச் சரி. 4 புள்ளிக்கு 688 வரும், கிட்டத்தட்ட நான்கு நாள் தீட்டாவை ஒரே நாள் கட்டிவிடும். அசைவு வர்க்கமாக வருவதால்தான் இப்படி.

மூன்றாம் படி: ஹெட்ஜ்

வாங்கிய உடனே டெல்டா பூஜ்யமாக இருக்காது. சுமார் 37 பங்குகள் பிளஸ்ஸில் நிற்கும். அதை விற்றுச் சமன் செய்யுங்கள் (பங்கை ஷார்ட் செய்ய முடியாத இடத்தில் ஃபியூச்சர் உதவும்).

மறுநாள் பங்கு 103. டெல்டா 86 × 3 = 258 கூடியிருக்கும். அந்த 258 பங்குகளை 103-ல் விற்கிறோம். அதற்கடுத்த நாள் பங்கு 100-க்கே இறங்குகிறது. 258-ஐயும் திரும்ப வாங்குகிறோம். பங்கில் கிடைத்தது 774. இரண்டு நாள் தீட்டா 350 போனால் கையில் நிற்பது 424. பங்கு ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை, ஆனாலும் லாபம். (காமா நடுவில் கொஞ்சம் மாறும் என்பதால் இவை தோராய எண்கள். கமிஷனையும் கழிக்க வேண்டும்.)

எப்போது ஹெட்ஜ் செய்வது?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அதே 103-க்குப் போன நாளில், பயந்துகொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் 86 பங்குகள் விற்றிருந்தால்? ஒவ்வொரு புள்ளிக்கும் 43 வீதம் மொத்தம் 129 தான் கிடைத்திருக்கும். காத்திருந்து 103-ல் விற்றவருக்கு 387. அதே பங்கு, அதே நாள். ஒருவருக்குத் தீட்டாகூடத் தேறவில்லை, இன்னொருவருக்கு லாபம். மாறாக, பங்கு 100-க்கும் 101-க்கும் இடையே நாள் முழுக்க ஊசலாடியிருந்தால் அடிக்கடி ஹெட்ஜ் செய்தவர்தான் ஜெயித்திருப்பார். மாலையில் மட்டும் பார்த்தவருக்கு அந்த அசைவு கண்ணிலேயே பட்டிருக்காது.

ஆக, நிஜத்தில் நடந்த அசைவு எவ்வளவு என்பதே நீங்கள் எந்த இடைவெளியில் ஹெட்ஜ் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தொடக்கத்தில் நான் சொல்வது: அந்த 2 புள்ளியையே எல்லையாக வையுங்கள். டெல்டா 170 தாண்டினால் ஹெட்ஜ், இல்லாவிட்டால் கை வைக்காதீர்கள். நாளுக்கொரு எல்லை என்று மாற்றாதீர்கள். மாற்றினால் தவறு ஐ.வி.-யிலா ஹெட்ஜிலா என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

எங்கே கெடும்?

பங்கு 115-க்கு ஓடி அங்கேயே தங்கிவிட்டால், 100 ஸ்ட்ரைக்கில் காமா வற்றிப்போகும். தீட்டாவும் குறையும்தான், ஆனால் ஸ்கால்ப் செய்ய ஒன்றும் மிஞ்சாது. அப்போது ஸ்ட்ராடிலை விற்றுவிட்டு, தேவைப்பட்டால் புதிய விலைக்கு அருகில் வாங்க வேண்டும்.

இன்னொன்று வேகா. இந்த நிலையில் ஐ.வி. ஒரு சதவீதப் புள்ளி இறங்கினால் சுமார் 230 நஷ்டம். காலாண்டு முடிவு வருவதற்கு முந்தைய நாள் ஐ.வி. உப்பியிருக்கும்போது வாங்கி, மறுநாள் அது 5 புள்ளி விழுந்தால் 1150 போய்விடும்; 4 புள்ளி அசைவு தரும் 688 அதற்கு ஈடாகாது. அதனால் வாங்கும் முன், அறிவிப்பு எதுவும் இல்லாத கடந்த 20 நாள்களின் தினசரி அசைவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிச் சராசரி பாருங்கள். அது 4-க்குக் கீழே இருந்தால், இனிமேல் அசைவு கூடும் என்பதற்கு வேறு காரணம் கையில் இல்லாமல் இந்த ஸ்ட்ராடிலை வாங்காதீர்கள்.