τ-வை தப்பா புரிஞ்சுக்கிற இடங்கள்: உலோகத்துல இழுப்பு வேகமும் ஓம் விதியும்

இழுப்பு வேகம் v = eEτ/m, கரண்ட் அடர்த்தி J = nev, மின்கடத்துதிறன் σ = ne²τ/m. இந்த மூணையும் மனப்பாடம் பண்ணிட்டா பரீட்சைல மார்க் வந்துரும், ஆனா அந்த τ எதோட நேரம்னு யாராவது திருப்பிக் கேட்டா அங்கதான் முழிப்போம். இந்தப் பாடத்துல நான் பண்ணின தப்பு, மத்தவங்க பண்ணிப் பார்த்த தப்பு, பாதிக்கு மேல இந்த ஒரு எழுத்துலதான் வந்து நிக்குது. (எலக்ட்ரானோட சார்ஜ் மைனஸ், அதனால அது E-க்கு எதிர்ப்பக்கம் போகும், கரண்ட் E பக்கமே. கீழ நான் அளவை மட்டும்தான் எழுதுறேன்.)

முதல்ல ஒரு கம்பியை எடுத்துக்குவோம், கடைசி வரைக்கும் இதேதான். செம்பு, குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர், 1 ஆம்பியர் ஓடுது. செம்புல ஒரு கன மீட்டருக்கு 8.5×10²⁸ கட்டற்ற எலக்ட்ரான், அதாவது அணுவுக்கு ஒண்ணு. J = 10⁶ A/m², அதை ne-ஆல வகுத்தா இழுப்பு வேகம் சுமார் 7.4×10⁻⁵ m/s, நொடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கம்பியைத் தாண்ட மூணே முக்கால் மணி நேரம் ஆகும். சுவிட்ச் போட்டதும் பல்பு எரியுறது எலக்ட்ரான் அங்கேருந்து ஓடி வர்றதால இல்ல, மின்புலம் கம்பி நெடுக கிட்டத்தட்ட ஒளி வேகத்துல பரவுறதால. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, விட்டுருவோம்.

செம்போட மின்தடை எண் 1.7×10⁻⁸ Ωm, அதை ρ-னு வச்சு, மோதலுக்கு நடுவுல ஆகுற சராசரி நேரமான τ = m/(ne²ρ) போட்டா 2.5×10⁻¹⁴ நொடி வருது. இப்ப தப்புக்கு வருவோம்.

ரொம்பப் பேரு சறுக்குறது v-க்கு ஒரு பாதியைச் சேர்த்து eEτ/2m-னு எழுதறதுல. யோசனை இப்படிப் போகும்: மோதின உடனே எலக்ட்ரானோட வேகம் சராசரியா சைபர், அப்புறம் eE/m முடுக்கத்துல τ நேரம் போகுது, அடுத்த மோதலுக்கு முன்னாடி eEτ/m ஆகுது, சைபருக்கும் அதுக்கும் நடுவுல சராசரி எடுத்தா eEτ/2m. படிக்க அவ்ளோ நியாயமா இருக்கும், நானும் ஒரு காலத்துல புக்குல இருக்கறதுதான் அச்சுப்பிழைன்னு நம்பிட்டு இருந்தேன். எங்க தப்புன்னா, எல்லா எலக்ட்ரானும் சரியா τ-வுக்கு ஒரு தடவை மோதுற மாதிரி நாமளே நினைச்சுக்கிறோம். அப்படி கடிகாரம் மாதிரி மோதுனா பாதி சரிதான், ஆனா அது அப்படி மோதுறதில்ல.

சின்னதா ரெண்டு இடைவெளி மட்டும் எடுத்துப் பாருங்க, ஒண்ணு 1, இன்னொண்ணு 3, சராசரி 2. முடுக்கம் 1-னு வச்சுக்கலாம். முதல் ஓட்டத்தோட சராசரி வேகம் 0.5, ரெண்டாவதோடது 1.5. நேரா கூட்டி ரெண்டால வகுத்தா 1, அதாவது அந்த பாதி ஃபார்முலா சொல்றதேதான். ஆனா எலக்ட்ரான் ரெண்டாவது ஓட்டத்துல மூணு மடங்கு நேரம் இருந்துச்சே, அதைக் கணக்குல எடுத்தா (0.5×1 + 1.5×3)/4 = 1.25. நீளமான ஓட்டத்துக்கு வெயிட் அதிகம், வேகம் கூடுறதும் அதுலதான். இந்த ஃபார்முலாக்கள் வர்ற டிரூடே மாடல்ல மோதல் முழுசா ரேண்டம், dt நேரத்துல மோதுற வாய்ப்பு dt/τ, கடைசியா எப்ப மோதுச்சுங்கற ஞாபகமே எலக்ட்ரானுக்குக் கிடையாது. இந்தப் பரவலுக்குக் கணக்குப் போட்டா 1.25 இல்ல, சரியா 2 வரும், அதாவது முழு eEτ/m, பாதி காணாமப் போயிரும்.

வேற மாதிரி சொல்லணும்னா, பஸ் சராசரியா 10 நிமிஷத்துக்கு ஒண்ணு, ஆனா இஷ்டத்துக்கு வருதுன்னா, நாம ஸ்டாப்புக்குப் போய் நிக்கிறப்ப முந்தின பஸ் போய் சராசரியா 5 இல்ல, 10 நிமிஷம் ஆகியிருக்கும், ஏன்னா நாம பெரிய இடைவெளில போய் மாட்டறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. எலக்ட்ரானும் அப்படித்தான், ஒரு கணத்துல எல்லாத்தையும் நிறுத்திக் கேட்டா கடைசி மோதல் ஆகி சராசரியா τ ஆச்சுன்னு சொல்லும். 1900-ல இந்த மாடலைக் கொண்டுவந்த பால் டிரூடே இந்த பாதில சறுக்கினவர்தான், அதுல வேடிக்கை என்னன்னா அவரோட மின்கடத்துதிறன் பாதியானதால வெப்பக் கடத்தலுக்கும் மின்கடத்தலுக்குமான விகிதம் ரெண்டு மடங்காகி சோதனை எண்ணோட அழகாப் பொருந்திப் போச்சு. சரியாப் போட்டிருந்தா கிளாசிக்கல் கணக்கு பாதிதான் குடுத்திருக்கும். அதனால விடை பொருந்துதுங்கறதை வச்சு மட்டும் வழியை நம்பிராதீங்க.

அடுத்த தப்பு இதைவிட மோசம், ஆனா யாரும் கவனிக்கறதில்ல. τ = தூரம்/வேகம்னு எழுதி, அந்த வேகத்துல இழுப்பு வேகத்தைப் போட்டுடறது. செம்புல எலக்ட்ரானோட சராசரி மோதலிடைத் தூரம் சுமார் 39 நானோமீட்டர், அதை 7.4×10⁻⁵-ஆல வகுத்தா τ 5×10⁻⁴ நொடின்னு வரும், உண்மையானதை விட இரண்டாயிரம் கோடி மடங்குக்கும் மேல! எண்ணு அபத்தமா வர்றதால இது ஈசியா மாட்டிக்கும், எழுத்துலயே வச்சு டெரைவ் பண்றப்பதான் மாட்டாது. τ = l/v-னு போட்டு v = eEτ/m-ல வச்சா v² = eEl/m, அப்ப J வந்து √E-க்குத்தான் விகிதமா இருக்கும், வோல்டேஜ் நாலு மடங்கானா கரண்ட் ரெண்டு மடங்குதான். ஓம் விதியே போச்சு.

ஓம் விதி தப்பிக்கிறது எப்படின்னா, எலக்ட்ரான் எந்த மின்புலமும் இல்லாமலே எல்லாத் திசைலயும் 1.57×10⁶ m/s வேகத்துல பறந்துட்டு இருக்கு, அதுக்கு ஃபெர்மி வேகம்னு பேரு, மோதலைத் தீர்மானிக்கறது அதுதான். நம்ம கம்பில E = ρJ = 0.017 V/m, அது சேர்க்கிற இழுப்பு இதுல இரண்டாயிரம் கோடில ஒரு பங்கு, அதனால E-யை மாத்தினா τ அசையாது, σ-வும் அசையாது, J = σE நேர்கோடா நிக்குது. குறைகடத்தில பெரிய மின்புலம் குடுத்து இழுப்பு வேகம் வெப்ப வேகத்துக்குப் பக்கத்துல வந்துட்டா இந்த நேர்கோடு வளைஞ்சிரும். செம்புல அவ்ளோ தூரம் போறதுக்குள்ள கம்பி உருகிரும்.

இதுலயே இன்னொரு குழி இருக்கு. தாறுமாறு வேகம்னா வாயு மாதிரி √(3kT/m) தானேன்னு போடுவாங்க, 300 K-ல 1.2×10⁵ m/s வரும். அதோட τ-வைப் பெருக்கினா l = 3 நானோமீட்டர், பத்துப் பன்னண்டு அணு தூரம், நம்புற மாதிரியே இருக்கும், அதான் ஆபத்து. இது தப்புன்னு காட்டிக்குடுக்கறது வெப்பநிலைதான். l மாறாம v மட்டும் √T-யா ஏறினா மின்தடையும் √T-யா ஏறணும், அப்ப 0°C-லேருந்து 100°C-க்குப் போனா 17% கூடணும். செம்புல அளந்து பார்த்தா கூடுறது 40% பக்கம், கிட்டத்தட்ட T-க்கு நேர் விகிதம். ஏன்னா ஃபெர்மி வேகம் சூட்டுல மாறறதே இல்ல, n-ம் அப்படியே இருக்கு, அணிக்கோவை அதிர்வுதான் T-யோட சேர்ந்து ஏறி τ-வைக் குறைக்குது. எலக்ட்ரான் 39 நானோமீட்டர், அதாவது நூத்தைம்பது அணு தூரம், எதுலயும் முட்டாம போகுதுன்னா அது ஒவ்வொரு அயனியா இடிச்சுட்டுப் போற பந்து கிடையாது, ஒழுங்கா நிக்கிற வரிசை அதுக்குத் தடையே இல்ல, அந்த வரிசை குலைஞ்ச இடத்துலதான் தெறிக்குது.