சாப்பாட்டு ரசீதில் வரும் 6 விழுக்காடு நல்ல வரியா? எடைபோடும்போது நேரும் தவறுகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ரசீதைப் பார்க்கும்போது, அடியில் 6 விழுக்காடு சேவை வரி இருந்தால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "அநியாய வரி" என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு வரியை எடைபோட 1776-இலேயே ஆடம் ஸ்மித் நான்கு விதிகளைச் சொல்லி வைத்தார். அவரவர் சக்திக்கேற்பச் சுமை விழ வேண்டும், அது சமத்துவம். எவ்வளவு, எப்போது, எப்படிக் கட்டுவது என்பது முன்கூட்டியே தெளிவாகத் தெரிய வேண்டும், அது நிச்சயத்தன்மை. கட்டுவதற்குத் தோதான நேரமும் வழியும் இருக்க வேண்டும், அது வசதி. மக்கள் கையிலிருந்து போகும் பணத்துக்கும் கருவூலத்துக்கு வந்து சேரும் பணத்துக்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும், அது சிக்கனம். விதிகள் எளிமையானவைதான். அவற்றை ஒரு ரசீதில் பொருத்திப் பார்க்கும்போதுதான் தவறுகள் வருகின்றன.

முதலில் எது வரி என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சில உணவகங்களின் ரசீதில் 10 விழுக்காடு 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை எழுதியிருக்கும். அது கடைக்குப் போகும் பணம், அரசாங்கத்துக்கு அல்ல. இரண்டையும் கூட்டி "16 விழுக்காடு வரி" என்று பேசத் தொடங்கினால் அப்புறம் எந்த விதியை வைத்துப் பார்த்தாலும் விடை தப்பாகவே வரும்.

அடுத்த தவறு, விகிதம் தெரிந்தால் போதும், அந்த வரி நிச்சயமானது என்று நினைப்பது. 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு வரி 8 விழுக்காடானது. ஆனால் உணவு, பானத்துக்கு 6 விழுக்காடே தொடர்ந்தது. ஒரே வாரத்தில் ஒரு ரசீதில் 8, இன்னொன்றில் 6 என்று பார்த்தவருக்கு எது சரி என்ற குழப்பம் வந்தது. இதைவிடப் பெரிய குழப்பம், ஒரு கடையில் வரி இருக்கிறது, பக்கத்துக் கடையில் இல்லை என்பது. பன்னிரண்டு மாத விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகம்தான் சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளருக்கு அந்தக் கடையின் ஆண்டு விற்பனை எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் ரசீதில் உள்ள பதிவு எண்ணைச் சுங்கத்துறையின் mysst.customs.gov.my தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு இல்லாத கடை அந்த வரியை வசூலிக்கக்கூடாது. பெரிய ஏற்றத்தாழ்வைவிடச் சிறிய நிச்சயமின்மைகூடக் கேடு என்பது ஸ்மித்தின் கருத்து. ஆகவே இந்த இடத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

சமத்துவத்தில்தான் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். "எல்லாருக்கும் ஒரே 6 விழுக்காடு, இதைவிடச் சமத்துவம் ஏது?" என்று கேட்பார்கள். மாதம் 3,000 வெள்ளி சம்பாதிக்கும் குடும்பம் வரி உள்ள கடைகளில் 300 வெள்ளிக்குச் சாப்பிட்டால் வரி 18 வெள்ளி, வருமானத்தில் 0.6 விழுக்காடு. மாதம் 15,000 சம்பாதிக்கும் குடும்பம் 600 வெள்ளிக்குச் சாப்பிட்டால் வரி 36 வெள்ளி, வருமானத்தில் 0.24 விழுக்காடு. இரண்டாவது குடும்பம் இரு மடங்கு கட்டுகிறது, ஆனால் சுமை பாதிக்கும் குறைவு. விகிதத்தைப் பார்க்காமல், வருமானத்தில் எத்தனை பங்கு போகிறது என்று பார்க்க வேண்டும்.

இதோடு நிறுத்திவிட்டு "ஏழைகளைத் தாக்கும் வரி" என்று தீர்ப்பு எழுதுவதும் தவறுதான். அந்த 3,000 வெள்ளிக் குடும்பம் அங்காடிக் கடையிலும் சின்ன ஒட்டுக்கடையிலும் சாப்பிட்டால் பெரும்பாலும் இந்த வரியே விழாது, ஏனென்றால் அந்தக் கடைகள் 15 லட்ச எல்லைக்குக் கீழே இருக்கும். வரம்பு அவர்களைக் காப்பாற்றுகிறது.

ஆனால் அதே வரம்பு இன்னொரு பக்கம் சமத்துவத்தைக் குலைக்கிறது. ஒரே தெருவில் இரண்டு கடைகள், ஒரே சமையல், ஒரே விலை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் விற்பனை நாளொன்றுக்கு 4,000 வெள்ளி. ஆண்டுக்கு 14 லட்சத்து 60 ஆயிரம், பதிவு வேண்டாம். மற்றதன் விற்பனை நாளொன்றுக்கு 4,200. ஆண்டுக்கு 15 லட்சத்து 33 ஆயிரம், பதிவு கட்டாயம். நாளுக்கு 200 வெள்ளி வித்தியாசம்தான். அதற்காக இரண்டாவது கடையின் தோசைக்கு மட்டும் 6 விழுக்காடு வரி. ஒரே நிலையில் இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்துவதும் சமத்துவத்தில் அடக்கம். எல்லைக்கு அருகில் இருக்கும் கடைக்காரருக்கு விற்பனையை வளர்க்கவே தயக்கம் வருவது இதனால்தான்.

அப்படியானால் வரம்பை ஏன் வைத்தார்கள்? இங்கே சிக்கன விதி வருகிறது. சிக்கனம் என்றால் சுங்கத்துறைக்கு ஆகும் செலவு என்று மட்டும் எண்ணுவார்கள். கடைக்காரருக்கு ஆகும் செலவும் மக்கள் பணம்தான், அதையும் சேர்க்க வேண்டும். 4,200 வெள்ளிக் கடை ஆண்டுக்கு ஏறக்குறைய 92,000 வெள்ளி வரி வசூலித்துக் கொடுக்கிறது. கணக்கெழுதவும் கல்லா மென்பொருளுக்கும் 9,000 வெள்ளி ஆனால், வரியில் பத்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது.

இப்போது 2015 ஏப்ரல் முதல் இருந்த ஜிஎஸ்டியை நினைத்துப் பாருங்கள். அதன் வரம்பு 5 லட்சம்தான். நாளுக்கு 1,500 வெள்ளி விற்கும் சின்னக் கடையும் உள்ளே வந்துவிட்டது. வாடகை, மின்சாரம், பொட்டலப் பொருள் ஆகியவற்றில் கட்டிய வரியைக் கழிக்க ஒவ்வொரு ரசீதையும் பாதுகாக்க வேண்டும். கழிவு போக அந்தக் கடை 25,000 வெள்ளி கட்டியது, கணக்குக்கு 7,500 செலவழித்தது என்று வைத்துக்கொண்டால், அது வரியில் 30 விழுக்காடு. கடை சிறியதாக ஆக, கணக்குச் செலவு அதே வேகத்தில் குறையாது. சிக்கனம் கெடுவது அங்கேதான்.

அதற்காக ஜிஎஸ்டி எல்லா வகையிலும் மோசம் என்று சொல்லிவிடவும் கூடாது. கழிவு முறை இருந்ததால், கடை கட்டிய வரி விலைக்குள் புதையவில்லை. இன்றைய முறையில் பொருள்களின் மீதான விற்பனை வரி விலைக்குள் ஒளிந்துவிடுகிறது, கடைக்காரர் அதைக் கழிக்க முடியாது. ரசீதில் தெரியும் 6 மட்டுமே நாம் கட்டும் வரி என்று நம்புவது அதனால் சரியல்ல. சிக்கனத்தில் ஜெயித்த முறை நிச்சயத்தன்மையில் கொஞ்சம் தோற்றிருக்கிறது.

வசதியைப் பொறுத்தவரை யாருடைய வசதி என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். வாடிக்கையாளருக்கு வசதிதான், சாப்பாட்டோடு மூன்று வெள்ளி போய்விடுகிறது. கடைக்காரரோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதக் கடைசிக்குள் அதைக் கட்ட வேண்டும். 4,200 வெள்ளிக் கடைக்கு 60 நாளில் சேரும் வரி 15,120 வெள்ளி. அது அவர் பணமே அல்ல. ஆனாலும் கல்லாவில் கிடப்பதால் சம்பளத்துக்கும் சரக்குக்கும் போய்விடுகிறது. கெடு தவறினால் முதல் 30 நாளுக்கே 10 விழுக்காடு, அதாவது 1,512 வெள்ளி அபராதம். வாராவாரம் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கும் கடைகளுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

ஆகவே "வரம்பை 10 லட்சமாக இறக்கினால் என்ன?" என்று யாராவது கேட்டால் ஒரே ஒரு விதியை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். நாளுக்கு 2,740 வெள்ளிக்கு மேல் விற்கும் கடைகளெல்லாம் உள்ளே வரும். 4,000 வெள்ளிக் கடைக்கும் 4,200 வெள்ளிக் கடைக்கும் இடையிலான அநீதி மறையும், ஆனால் புதிய எல்லையில் வேறு இரண்டு கடைகளுக்கு இடையே அது முளைக்கும். கணக்குச் செலவின் பங்கு கூடும். குறைந்த வருமானக் குடும்பம் சாப்பிடும் கடைகளில் சிலவற்றிலும் வரி ஏறும். இத்தனையும் தாங்கும் அளவுக்குக் கூடுதல் வசூல் வருமா என்று கணக்குப் போட்ட பிறகுதான் அது நல்ல யோசனையா என்று சொல்ல முடியும்.