லெட்டர்ஹெட்டில் ஒரு மெரூன், கார்டில் வேறு மெரூன்

எங்கள் கடைக்கு லெட்டர்ஹெட் ஒரு பிரஸ்ஸிலும் விசிட்டிங் கார்டு இன்னொரு பிரஸ்ஸிலும் அடித்தோம். லோகோ ஒன்றுதான். ஆனால் கார்டில் பளிச்சென்ற மெரூன், லெட்டர்ஹெட்டில் வெளிறிய செங்கல் நிறம்!

பாதிக் காரணம் காகிதம். பாண்ட் பேப்பர் மையை உறிஞ்சிக்கொள்வதால் நிறம் மங்கும். கார்டுக்கான ஆர்ட் போர்டில் மை மேலேயே நிற்கும். மீதிக் காரணம் நாங்கள்தான். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி "இதே கலர்" என்றால் அவரவர் கண்ணுக்குப் பட்டதைத்தான் போடுவார்கள்.

இப்போது லோகோவின் வெக்டர் PDF-உடன் நிறத்தை நான்கு அச்சு மைகளின் சதவீத எண்ணாகவே எழுதிக் கொடுக்கிறேன்: C25 M100 Y80 K25. லெட்டர்ஹெட், கார்டு, கவர் எல்லாவற்றையும் ஒரே பிரஸ்ஸில் கொடுத்து, அந்தந்தக் காகிதத்திலேயே ஒரு மாதிரி அடித்துத் தரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பாண்ட் பேப்பரில் மங்கினால் அதற்கு மட்டும் எண்ணை மாற்றச் சொல்லலாம்.

கவர் 220 × 110 மி.மீ. அளவில் இருக்கட்டும், ஏ4 தாளை மூன்றாக மடித்தால் சரியாக உட்காரும்.

அப்புறம் பில். கறுப்பு வெள்ளை பிரிண்டரில் லோகோவையும் சேர்த்து அடித்தால் அது சாம்பல் திட்டாகத்தான் வரும். அதற்குப் பதிலாக லெட்டர்ஹெட் தாளையே பிரிண்டரில் வைத்து, பில் மென்பொருளில் மேல் மார்ஜினைக் கூட்டிவிடுங்கள். தாளின் மேல் விளிம்பிலிருந்து உங்கள் தலைப்பு முடியும் இடம் வரை ஸ்கேலால் அளந்து, அதைவிட 5 மி.மீ. கூட வைத்தால் போதும்.