ஒரே நாசில், இரண்டு நிறம்: லேயர் நடுவே ஃபிலமென்ட் மாற்றிப் பெயர்ப்பலகை அச்சிடுவது

தட்டையான ஒரு பலகை, அதன்மேல் புடைத்து நிற்கும் எழுத்து. இதை இரண்டு நிறத்தில் எடுக்கத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. பலகை முடிந்து எழுத்து தொடங்கும் லேயரில் பிரிண்டரை நிறுத்தி, ஃபிலமென்டை மாற்றி, மறுபடி ஓடவிட்டால் போதும். எண்டர் 3 போன்ற, மார்லின் ஃபர்ம்வேரில் ஓடும், 0.4 மி.மீ நாசில் உள்ள பிரிண்டரை வைத்து, "முல்லை இல்லம்" என்ற வீட்டுப் பெயர்ப்பலகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்கியிருக்கிறேன். சாதாரணமாக அச்சிடத் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. பெட் லெவல் செய்வது, ஸ்லைசர் நிறுவுவது பற்றியெல்லாம் இதில் இல்லை.

மாடல்

பலகையின் தடிமன் 2.0 மி.மீ, அதன்மேல் எழுத்தின் உயரம் 0.8 மி.மீ, ஆக மொத்தம் 2.8. தமிழ் எழுத்தை இங்க்ஸ்கேப்பில் அடித்து, `Object to Path` கொடுத்து, SVG-ஆகச் சேமித்து, டிங்கர்கேடில் ஏற்றுவது நல்லது. 3டி மென்பொருளிலேயே நேரடியாகத் தமிழில் அடித்தால் பல இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

கவனம் வேண்டியது புள்ளியில்தான். "முல்லை இல்லம்" என்பதில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எழுத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு தீவு. விட்டம் ஒரு மி.மீ அளவில் இருந்தால் நாசில் அதைப் பலகையில் ஒட்டவைப்பதற்குப் பதில் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். புள்ளியை 2 மி.மீக்குக் குறையாமல் வையுங்கள். எழுத்தின் கோடு 1.2 மி.மீ தடிமனாவது இருக்கட்டும். மெல்லிய எழுத்துருவை விட்டுத் தடித்த எழுத்துருவையே எடுங்கள்.

நிறத்தேர்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் இரண்டு லேயரே போதும், நன்றாக மூடிவிடும். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் இரண்டு லேயரில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், ஏனென்றால் வெள்ளை பிஎல்ஏ மெல்லியதாக இருக்கும்போது ஒளியை ஊடுருவ விடும். எழுத்துக்கு நான்கு லேயர், அதாவது 0.8 மி.மீ வைத்திருப்பது அதனால்தான். இரண்டும் பிஎல்ஏவாகவே இருக்கட்டும். பிஎல்ஏ மேல் பிஇடிஜி சரியாக ஒட்டாது, எழுத்து நகத்தால் கீறினாலே பெயர்ந்து வந்துவிடும்.

எந்த லேயரில் நிறுத்துவது

ஸ்லைசரில் முதல் லேயர் 0.2, மற்றவை 0.2. பத்து லேயரில் பலகை 2.0 மி.மீயைத் தொடும். எழுத்து தொடங்குவது 11ஆவது லேயரில். அந்த லேயரின் மேல்மட்டம் 2.2 மி.மீ.

இந்த வேலைக்கு ப்ரூசா ஸ்லைசரையே பரிந்துரைப்பேன். க்யூராவிலும் முடியும், ஆனால் அங்கே தனி ஸ்கிரிப்ட் சேர்க்க வேண்டும், எங்கே நிற்கும் என்பதும் கண்ணுக்கு உடனே தெரியாது. ப்ரூசா ஸ்லைசரில் ஸ்லைஸ் செய்தபின் வலப்பக்கம் உள்ள செங்குத்து ஸ்லைடரை 2.20க்குக் கொண்டுபோய், அருகிலிருக்கும் `+` குறியை அழுத்துங்கள். அங்கிருந்து மேலே எல்லாம் வேறு நிறத்தில் காட்டும். எழுத்து மட்டும் நிறம் மாறியிருந்தால் சரி.

2.00இல் குறி வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. பலகை 2.0 மி.மீ என்பதால் அங்கேதான் மாற வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஸ்லைடர் காட்டுவது லேயரின் மேல்மட்டத்தை, நிறம் மாறுவதோ அந்த லேயர் தொடங்குமுன். ஆகவே 2.00இல் வைத்தால் பலகையின் கடைசி லேயரே எழுத்தின் நிறத்தில் அச்சாகி, முகம் முழுவதும் ஒரே நிறமாகிவிடும். மாறாகத் தவறி 2.40இல் வைத்துவிட்டால், எழுத்தின் அடியில் 0.2 மி.மீ அளவுக்குப் பலகையின் நிறம் தெரியும், அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் ஒரு லேயர் மேலே தள்ளி வையுங்கள், கீழே வேண்டாம்.

முதல் லேயரை 0.3 என்று வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. லேயர்கள் 0.3, 0.5 என்று போய் 1.9, 2.1 என்று விழும், 2.0 எங்கும் வராது. அப்போது பலகையின் தடிமனையே 2.1 ஆக்கிவிடுங்கள். லேயர் உயரத்தைத் தானாக மாற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

கோப்பைச் சேமித்தபின் நோட்பேடில் திறந்து `M600` என்று தேடிப் பாருங்கள். அதற்குச் சற்று மேலே `;Z:2.2` என்று இருக்க வேண்டும்.

உங்கள் பிரிண்டருக்கு M600 தெரியுமா

ப்ரூசா ஸ்லைசர் நிறமாற்றத்துக்கு எழுதும் கட்டளை `M600`. எல்லா பிரிண்டரின் ஃபர்ம்வேரிலும் இது இருக்காது. இல்லையென்றால் நிற்காமலே போய்க்கொண்டிருக்கும், பலகையும் எழுத்தும் ஒரே நிறத்தில் முடிந்துவிடும். கணினியோடு இணைத்து, ஹோம் செய்து, நாசிலைச் சூடாக்கி, ப்ரான்டர்ஃபேஸ் என்ற மென்பொருளிலிருந்து `M600` என்று அனுப்பிப் பாருங்கள். `Unknown command` என்று பதில் வந்தால் இல்லை என்று பொருள்.

இல்லாவிட்டால் Printer Settings > Custom G-code பக்கத்தில் Color Change G-code கட்டத்தில் உள்ளதை அழித்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
M84 S0
G91
G1 Z20 F600
G90
G1 X10 Y200 F6000
M0
G91
G1 Z-20 F600
G90
```

இது நாசிலை 20 மி.மீ உயர்த்தி, ஓரமாகக் கொண்டுபோய், திரையில் பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும். பலகை அந்த மூலைவரை வராமல் பெட்டின் நடுவில் இருக்கட்டும். ஸ்லைசரில் `Use relative E distances` இயக்கத்தில் இருந்தால் கடைசி `G90`க்குக் கீழே `M83` என்ற வரியையும் சேருங்கள், ஏனென்றால் `G90` அந்த அமைப்பை மாற்றிவிடும்.

மோட்டார் தளர்ந்துபோகும் சிக்கல்

முதல் வரியில் உள்ள `M84 S0` எதற்கு என்று கேட்கலாம். இந்த முறையில் கெடும் அச்சுகளில் பெரும்பகுதி கெடுவது இங்கேதான்.

மார்லினில் அசைவில்லாமல் இருந்தால் குறிப்பிட்ட நேரத்துக்குப்பின் ஸ்டெப்பர் மோட்டார்களுக்கு மின்சாரம் நிறுத்தப்படும். ஃபர்ம்வேரில் இயல்பாக உள்ள அளவு 120 நொடி. நிதானமாக ஃபிலமென்ட் மாற்றவே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பிரிண்டர் நின்றதை நீங்கள் கவனிக்கவே கால் மணி நேரம் ஆகலாம். அதற்குள் மோட்டார்கள் தளர்ந்திருக்கும். பெட்டும் நாசில் தாங்கியும் கை பட்டாலே நகரும், ஆனால் பிரிண்டர் தான் பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். விளைவாக எழுத்துகள் எல்லாம் ஒரே திசையில் ஒன்றிரண்டு மி.மீ தள்ளி விழும். உயரம் இறங்கியிருந்தால் நாசில் பலகையை உரசும்.

`M84 S0` அந்தக் காலக்கெடுவை நீக்கிவிடும். `S0` இல்லாமல் வெறும் `M84` என்று எழுதினால் மோட்டார்கள் அந்த நொடியே தளர்ந்துவிடும், ஆகவே எழுத்துப்பிழை வராமல் பாருங்கள். `M600` உள்ளவர்களும் தொடக்க ஜி-கோடில் இந்த வரியைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

மோட்டார் இறுக்கமாக இருந்தாலும் பலமாகத் தள்ளினால் நகர்ந்துவிடும். எண்டர் 3இல் எக்ஸ்ட்ரூடர், நாசில் ஓடும் குறுக்குச் சட்டத்தின் இடது முனையிலேயே இருக்கிறது. அதன் நெம்புகோலை அழுத்தும்போது மறுகையால் எக்ஸ்ட்ரூடரைத் தாங்கிப் பிடியுங்கள், சட்டத்தைக் கீழே அமுக்காதீர்கள்.

மாற்றும் விதம்

நாசில் 205, பெட் 60 என்ற சூட்டிலேயே இருக்க வேண்டும். பெட்டை அணைத்தால் பிஎல்ஏ சுருங்கிப் பலகை கழன்றுவிடும். `M600` உள்ள சில பிரிண்டர்களில் கொஞ்ச நேரத்தில் நாசில் சூடு மட்டும் தானாக அணையும். பட்டனை அழுத்தி, மறுபடி சூடேறும்வரை காத்திருங்கள், ஆறிய நாசிலிலிருந்து எதையும் இழுக்காதீர்கள்.

பழைய ஃபிலமென்டை எடுத்தவுடன் இழுக்க வேண்டாம். நெம்புகோலை அழுத்திக்கொண்டு, முதலில் ஒரு அரை செ.மீ உள்ளே தள்ளி, பிறகு ஒரே வீச்சில் வெளியே எடுங்கள். மெதுவாக இழுத்தால் உருகிய முனை நீண்டு நூலாகி, அல்லது குமிழாகத் தடித்து, வெள்ளைக் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும்.

புதிய ஃபிலமென்டின் முனையைச் சாய்வாக வெட்டி நுழைத்து, நாசில்வரை தள்ளுங்கள். முதலில் பழைய நிறம்தான் வரும். பிறகு கலங்கலாக வந்து, கடைசியில் தெளியும். தெளிந்தபின்னும் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள், நாசிலின் உட்சுவரில் ஒட்டிய பழைய நிறம் கடைசியில்தான் கழியும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு 50 மி.மீ நீளம் போதும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 100 மி.மீயோ அதற்கு மேலோ தேவைப்படும். 100 மி.மீ என்பது 0.3 கிராம்தான், அதில் சிக்கனம் பார்த்தால் முதல் எழுத்து அழுக்காகத் தெரியும்.

தொடரும் பட்டனை அழுத்துமுன் நாசிலில் தொங்குவதை இடுக்கியால் எடுங்கள். அழுத்தியபின் நாசில் பலகையை நோக்கி நகரும் அந்தச் சில நொடியில் இன்னொரு துளி கசியும், அதையும் எடுக்க இடுக்கி கையிலேயே இருக்கட்டும். அதை விட்டுவிட்டால் "மு"வின் தலையில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை

கட்டளை எதுவும் சேர்க்காமல் திரையிலுள்ள Pause பட்டனை அழுத்தி, மெனுவில் எக்ஸ்ட்ரூடரை நகர்த்தி ஃபிலமென்ட் மாற்றுபவர்களுக்கு ஒரு சிக்கல் வருகிறது: தொடர்ந்தவுடன் எக்ஸ்ட்ரூடர் பின்னோக்கிச் சுழன்று, ஏற்றிய ஃபிலமென்டை இழுத்துவிடுகிறது. கோப்பில் E அளவு தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண்ணாக இருப்பதே காரணம். கோப்பு 1500இல் இருக்கிறது, நீங்கள் மெனுவில் 100 தள்ளியதால் பிரிண்டர் 1600இல் இருக்கிறது. அடுத்த வரி 1500.5 என்று சொன்னால் பிரிண்டர் 99.5 மி.மீ பின்னால் போகும். ப்ரூசா ஸ்லைசரில் `Use relative E distances` என்பதை இயக்கிவிட்டால் இது வராது. மேலே உள்ள `M0` முறையில் கையால் தள்ளுவதால் இந்தக் கணக்கே குறுக்கிடாது.

மார்லினுக்குப் பதில் க்ளிப்பர் ஃபர்ம்வேர் வைத்திருப்பவர்களுக்கு `M84 S0` உதவாது, அங்கே `S0`-ஐப் பொருட்படுத்தாமல் மோட்டார்களே தளர்ந்துவிடும், அதனால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அங்கே இயல்பான காத்திருப்பு 600 நொடி, அது முடிந்ததும் மோட்டார், சூடு எல்லாமே அணைந்துவிடும். அதற்குப் பதில் தொடக்கத்தில் `SET_IDLE_TIMEOUT TIMEOUT=7200` என்று போடுங்கள். `M600`உம் க்ளிப்பரில் தானாக இருக்காது, `PAUSE` கட்டளையை வைத்து அந்தப் பெயரில் மேக்ரோ எழுத வேண்டும்.

"முல்லை" சிவப்பிலும் "இல்லம்" பச்சையிலும் வருமா என்றால், இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும்வரை இந்த முறையில் வராது. உயரத்தை மாற்றினால் ஓரளவு முடியும். "முல்லை"யை 0.8 மி.மீயும் "இல்லம்" என்பதை 1.6 மி.மீயும் உயர்த்தி, 2.20இலும் 3.00இலும் இரண்டு குறி வையுங்கள். "இல்லம்" அடியில் சிவப்பும் மேலே பச்சையுமாக வரும். நேராகப் பார்த்தால் பச்சை மட்டும், பக்கவாட்டில் பார்த்தால் சிவப்புக் கோடும் தெரியும்.